ஸ்வெட்டர் வாங்குமுன் அமுக்கிப் பாருங்கள், ஊதிப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்கள் ஜவுளிக்கடையில் கேட்பது, "நல்லா கனமா ஒரு ஸ்வெட்டர் குடுங்கண்ணே" என்றுதான். கனமாக இருந்தால் குளிராது என்று நம்புகிறோம். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. பருத்தி, கம்பளி, பாலியஸ்டர் என எந்த இழையும் காற்றைவிடப் பல மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்திவிடும். அந்தக் காற்றை ஓடவிடாமல் கட்டிப் போடுவதற்குத்தான் இழை.

இது நமக்குப் புதிதல்ல. போடி, தேனிப் பக்கத்து இலவம்பஞ்சில் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய்தான். தலையணை அமுங்கிப்போனால் வெயிலில் காயவைத்துத் தட்டுகிறோம், உப்பி வருகிறது. பஞ்சு ஒரு கிராம்கூடக் கூடவில்லை, போன காற்று திரும்பியிருக்கிறது. ஸ்வெட்டரையும் இப்படியே பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவே அமுக்கி விடுங்கள். உடனே எழும்பினால் வாங்கலாம். தட்டையாகவே கிடந்தால் எவ்வளவு கனம் இருந்தாலும் வேண்டாம். கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டிருப்பதால் எழும்பும். ஃப்ளீஸ் எனப்படும் பாலியஸ்டர் துணியில் மேலே எழுப்பிவிட்ட மயிர்ப்பரப்பு அந்த வேலையைச் செய்கிறது. வெந்நீரில் அடித்துத் துவைத்த கம்பளி ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிப்போகும், பிறகு காற்றுக்கு இடமில்லை.

கொடைக்குப் போவதையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரையைவிட அது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். 1,000 மீட்டருக்கு 6 டிகிரி குறைகிறது என்று வைத்தால், கீழே 30 டிகிரி அடிக்கும் மதியத்தில் மேலே 18தான் இருக்கும். ஜனவரி இரவில் 10க்குக் கீழே இறங்கும். ஒரே கனத்த உடுப்பு இந்த இரண்டு நேரத்துக்கும் சரிப்படாது. மூன்று அடுக்காகப் போட்டால் வேண்டும்போது கழற்றலாம், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவிலும் கொஞ்சம் காற்று நிற்கும்.

உள்ளே, உடம்போடு ஒட்டி ஆனால் இறுக்காமல், மெல்லிய பாலியஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல். நடுவில் ஃப்ளீஸோ கம்பளி ஸ்வெட்டரோ. காற்றைத் தேக்கும் அடுக்கு இதுதான். மேலே நெருக்கமாக நெய்த விண்ட்சீட்டர். பின்னல் துணியான ஸ்வெட்டரின் கண்கள் வழியே காற்று புகும். பைக்கில் போகும்போது உள்ளே தேங்கிய சூடான காற்றை எதிர்க்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கனத்த ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவது இதனால்தான். மேலாடையை வாயோடு வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் மலைக்காற்றும் வரும். ஸ்வெட்டருக்கு மேல் போட்டுப் பார்த்தே மேலாடையை வாங்குங்கள். கையைத் தூக்கும்போது தோளும் கக்கமும் இறுகினால் நடு அடுக்கு நசுங்குகிறது என்று பொருள், ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

அதிகம் பேர் தவறுவது வியர்வையில். வத்தலக்குண்டு வெக்கையிலேயே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வண்டியில் உட்காருவார்கள். உள்ளே பருத்தி பனியன் நனைந்துவிடும். காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், உலரும்போதும் உடம்புச் சூட்டையே எடுத்துக்கொள்ளும். மேலே இறங்கியதும் முதுகு சில்லிட்டால் பனியனைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாகத்தான் இருக்கும். மதுரை வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஒன்றுமில்லை, நனைந்தால் சீக்கிரம் உலராத அதே குணம் மலையில் கெடுதல். கம்பளி கொஞ்சம் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் சூடு காக்கும். பாலியஸ்டர் இழை ஈரத்தை உள்ளே வாங்குவதே இல்லை எனலாம், அதனால் விரைவில் உலரும். ஏறும்போது ஒரு சட்டையோடு போங்கள். குளிர் தட்டுப்படத் தொடங்கியதும் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றாகப் போடுங்கள். பனியன் நனைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். குழந்தைகளுக்கு ஒன்றைக் கூடுதலாக மாட்டிவிடும் அம்மாக்கள், அவர்கள் ஓடி விளையாடியதும் சட்டைக் காலருக்குள் கையை விட்டு வியர்வையைப் பார்க்க வேண்டும்.

காலுக்கும் இதே கணக்குதான். வழக்கமாகப் போடும் ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் துணியும் நசுங்கும், ரத்த ஓட்டமும் தடைபடும், ஒரு ஜோடி போட்டதைவிட விரல்கள் சில்லிடும். பெருவிரலை உள்ளே அசைக்க முடியவில்லை என்றால் ஒரு ஜோடியைக் கழற்றிவிடுங்கள்.