படத்தைப் பார்த்து மன்னிப்புக் குறிப்பு எழுதுவோரின் கவனத்திற்கு

கடந்த மாதம் வத்தளையிலிருந்து ஒரு பெரியவர் எனது அலுவலகத்திற்கு வந்தார். அவர் ஊரில் இல்லாத ஓர் இரவில் வீசிய காற்றில் அவருடைய பலாமரத்துக் கிளையொன்று முறிந்து, பக்கத்துத் தோட்டத்தின் வேலிமீது விழுந்திருந்தது. அயலவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்; பெரியவரின் மகள் அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்தே மன்னிப்புக் குறிப்பொன்றை எழுதி, தந்தையின் பெயரில் கொடுத்தனுப்பிவிட்டார். பத்து நாட்களில் 3 கொங்கிறீற் தூண்கள், 24 அடி நீளத்துக்கு முட்கம்பி, கூலி என்று செலவுக் கணக்கு வந்து சேர்ந்தது. இவ்வாண்டில் என் மேசைக்கு வந்த மூன்றாவது வேலிக் குறிப்பு இது என்பதால், பொறுமை சற்றுக் குறைந்த நிலையிலேயே இதை எழுதுகிறேன்.

மகள் எழுதியிருந்த வாக்கியம் இது: “எமது கவனயீனத்தால் உங்கள் எல்லை வேலி முழுவதும் சேதமடைந்தமைக்கு மன்னிக்கவும்.” பணிவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் அவருக்குத் தெரிந்த செய்தி ‘சேதம்’ என்ற ஒன்றுதான்.

“படம் இருக்கிறதே, அதைவிட வேறென்ன வேண்டும்?” என்று கேட்காதவர்கள் குறைவு. படம் காட்டுவது அது எடுக்கப்பட்ட நேரத்தில் வேலி இருந்த நிலையை மட்டுமே; நேற்று அது எப்படி இருந்தது என்பதையோ, எது எதை முறித்தது என்பதையோ காட்டாது. வட்ஸ்அப்பில் தெரியும் நேரமும் அனுப்பப்பட்ட நேரமேயன்றி எடுக்கப்பட்ட நேரமன்று. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். கிளைக்கு அடியில் கிடந்த தூணின் முறிவு வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளிருந்த கம்பி வளைந்திருந்தாலும் துருவேறவில்லை. அப்பால் சாய்ந்திருந்த இரு தூண்களின் முறிவுகளோ பாசி படிந்து கறுத்திருந்தன. துருநீர் வழிந்த செம்மஞ்சள் கோடு தூணின் அடிவரை இறங்கியிருந்தது. ஒன்றின்மேல் கொடி சுற்றிப் படர்ந்திருந்தது. ஓரிரவில் பாசியும் படராது, கொடியும் சுற்றாது. ‘முழுவதும்’ என்ற சொல்லை எழுத முன்னர் இதைப் பார்த்திருக்க வேண்டாமா?

அடுத்தது ‘கவனயீனம்’. நம்மவர்கள் மரியாதைக்காக இச்சொல்லைச் சேர்க்கிறார்கள். இலங்கையில் இவ்வகை நட்டஈட்டுக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டத்தில், மரம் உங்களுடையது என்பதால் மட்டும் நீங்கள் பொறுப்பாளியாகிவிடுவதில்லை. உங்கள் பக்கம் தவறு இருந்ததாகக் காட்டப்பட வேண்டும். அதாவது, மற்றவர் நிரூபிக்கவேண்டிய விடயத்தை நீங்களே எழுதி ஒப்பமிட்டுக் கொடுக்கிறீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவின்படி ஒப்புக்கொள்ளல் முடிந்த முடிவான சான்று அல்ல என்பது உண்மைதான்; ஆனாலும் எழுதியதற்கு விளக்கம் சொல்லும் பாரம் உங்கள் தலையில் ஏறிவிடும். கிளை உளுத்திருந்ததை அயலவர் முன்பே சொல்லியும் வெட்டாமல் விட்டிருந்தால், அதை ஒளிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்போது அதையே எழுதுங்கள். தெரியாத தவறைக் கடன் வாங்கி எழுதவேண்டாம் என்பதே எனது வேண்டுகோள்.

‘உங்கள் எல்லை வேலி’ என்பதும் அப்படித்தான். வேலி யாருடையது, அது எல்லைக்கோட்டில்தான் நிற்கிறதா என்பதைக் காணி உறுதியும் நில அளவை வரைபடமும்தான் சொல்லும். பேர்ச்சுக் கணக்கில் காணி விற்கும் கொழும்புப் பகுதியில், அரை அடிக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்களை நான் அறிவேன். ‘இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள வேலி’ என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்படியானால் மன்னிப்பே கேட்காமல் விடுகிறேன்” என்று எழும்பாதீர்கள். குறிப்பின் தலையில் ‘உரிமைகளுக்குப் பாதிப்பின்றி’ என்று எழுதித் தரும்படியும் கேட்காதீர்கள். அதைக் கண்ட அயலவர் நேரே ஒரு சட்டத்தரணியிடம்தான் போவார். பெரியவருக்கு நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவே:

“அன்புள்ள தம்பிக்கு, சனிக்கிழமை இரவு எங்கள் பலாமரத்துக் கிளை இடையிலுள்ள வேலியில் விழுந்ததை நீங்கள் அனுப்பிய படத்தில் கண்டேன். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக மனம் வருந்துகிறேன். முந்திய குறிப்பு இடத்தைப் பார்க்காமல் எழுதப்பட்டது, அதற்கும் மன்னிக்கவும். கிளையை நாளை காலை ஆள் வைத்து அகற்றுகிறேன். ஞாயிறு பின்னேரம் இருவரும் சேர்ந்து பார்த்து, கிளை விழுந்து முறிந்ததைத் திருத்துவோம்.”

குறிப்பைப் பெரியவர் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். பிரதியொன்றை வைத்துக்கொள்ளும்படி கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஞாயிறன்று வேலியருகில் நின்றபோது, சாய்ந்திருந்த இரண்டு தூண்களும் முன்பு மணல் லொறி பின்னோக்கி வந்தபோது இடிபட்டவை என்று அயலவரே சொல்லிவிட்டார். 1 தூணும் 8 அடிக் கம்பியும் மாற்றப்பட்டன.