வலி குறைந்தது, மூச்சு ஏறியது

இரவு பத்து மணி. 46 வயதுப் பெண், எடை 60 கிலோ. கட்டிலில் படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மேல்வயிற்றில் கிளம்பிய வலி முதுகு வரை துளைக்கிறது. நான்கைந்து முறை வாந்தி. பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிகிறது, கணையம் சுரக்கும், கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸின் அளவு இரத்தத்தில் இயல்பின் உச்சவரம்பைவிடப் பல மடங்கு அதிகம். கணைய அழற்சி என்று உறுதிப்படுத்த இது போதும். இந்த நோயாளியை நான் விளக்கத்துக்காக உருவாக்கியிருக்கிறேன். ஆனால் இவரைப் போன்றவர்களைப் பார்க்காத வார்டு இருக்காது.

லைபேஸ் ஆயிரம் என்றாலும் மூவாயிரம் என்றாலும் நோயின் தீவிரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நோயைக் கண்டுபிடித்ததோடு அதன் வேலை முடிந்தது, தினமும் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பலன் இல்லை. வலியின் கடுமையும் அப்படித்தான். பத்துக்கு ஒன்பது என்று துடிப்பவர் மூன்றே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், நான்கு என்று சொல்பவர் ஐசியூவுக்குப் போகலாம். அப்படியானால் முதல் இரண்டு நாள் செவிலியர் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? நீர் எங்கே போகிறது என்பதைத்தான்.

கணையம் உணவைச் செரிக்கும் நொதிகளை உறங்கும் நிலையில்தான் தயாரிக்கிறது. அவை சிறுகுடலுக்குப் போன பிறகே விழித்துக்கொள்ள வேண்டும். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் கணையக் குழாயின் வாயை அடைக்கும்போது அவை கணையச் செல்லுக்குள்ளேயே விழித்து, தம்மை உண்டாக்கிய திசுவையே அரிக்கத் தொடங்குகின்றன. அங்கே மூளும் அழற்சியின் செய்திப் பொருட்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவி, நுண்குழாய்களின் சுவரைக் கசிய வைக்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி கணையத்தைச் சுற்றியும், குடலின் சுவரிலும், சில நேரம் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. உடலுக்குள் நீர் இருக்கிறது, ஆனால் இரத்தக் குழாய்க்குள் இல்லை. பல்ஸ் ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது, நீர் வெளியேறியதால் இரத்தம் கெட்டியாகிறது.

நம் நோயாளிக்கு வந்தபோது பல்ஸ் 112, பி.பி. 104/64, மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் 95 சதவீதம். ஹீமாடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு, 47 சதவீதம். இரத்தம் கெட்டியாகியிருக்கிறது என்பதன் அடையாளம் இது.

முன்பெல்லாம் இதற்குப் பதில், சலைனை வேகமாகக் கொட்டுவதுதான். ஆனால் சுவரே கசியும்போது அது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது போல: ஊற்றியதில் ஒரு பங்கு வயிற்றுக்கும் நெஞ்சுக்கும்தான் போகும். 2022இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு, வேகமாக ஊற்றியவர்களையும் மிதமாக ஊற்றியவர்களையும் ஒப்பிட்டது. வேகமாக ஊற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு உடலில் நீர் மிகுந்து சிக்கலானது, மிதமான குழுவில் அது சுமார் 6 சதவீதம்தான். நோயின் போக்கிலும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அந்த மிதமான கணக்கையே இவருக்கும் போட்டார்கள். முதலில் கிலோவுக்கு 10 மில்லி வீதம் 600 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் இரண்டு மணி நேரத்தில், அப்புறம் கிலோவுக்கு ஒன்றரை மில்லி, அதாவது மணிக்கு 90 மில்லி. சிறுநீர் கிலோவுக்கு அரை மில்லி, ஆகவே மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். அதை அளக்கக் கத்தீட்டர் போட்டார்கள். விடிகாலை ஆறு மணிக்குப் பல்ஸ் 98, ஹீமாடோக்ரிட் 43, சிறுநீர் எட்டு மணி நேரத்தில் 260 மில்லி. ஊற்றியது வேலை செய்கிறது.

வலிக்கு ஃபென்டனில் என்ற மார்ஃபின் வகை மருந்து சிறு அளவுகளில் சிரை வழியாகப் போனது. இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மார்ஃபின் பித்தக் குழாயின் வாய்த் தசையை இறுக்கிவிடும், அதனால் கணைய அழற்சிக்குப் பெத்திடின்தான் கொடுக்க வேண்டும் என்று பல தலைமுறைச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் மார்ஃபினால் நோய் மோசமானதற்குச் சான்று கிடைக்கவில்லை. பெத்திடினுக்கோ உண்மையான குறை ஒன்று உண்டு. அது உடலில் உடையும்போது உண்டாகும் நார்பெத்திடின், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் தேங்கிக் கைநடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். நீர் வற்றிச் சிறுநீர் குறையும் நோயில் இதைவிடப் பொருந்தாத மருந்து கிடைப்பது கடினம். அதே காரணத்தால் டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளிலும் இங்கே எச்சரிக்கை வேண்டும்.

கொடுத்த பிறகு பார்க்க வேண்டியது வலி எண்ணை மட்டுமல்ல, மயக்கத்தின் அளவையும்தான். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து பேசுகிறாரா, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை பாதியில் நின்று கண் சொருகுகிறதா? இரண்டாவது நிலை வந்தால் அடுத்த டோஸை நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மருந்து அதிகமாகும்போது பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே இந்த மயக்கம் தெரிந்துவிடும்.

மறுநாள் பகலில் வலி ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. மாலை நான்கு மணிக்குச் செவிலியர் வந்தபோது, "அம்மா இப்போதுதான் கண் அசந்தார், எழுப்ப வேண்டாம் சிஸ்டர்" என்றார் மகள். செவிலியர் எழுப்பவில்லை. கட்டில் அருகே நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். 30.

மூச்சு எண்ணிக்கைதான் வார்டுகளில் அதிகம் பொய் எழுதப்படும் எண். பல்ஸையும் பி.பி.யையும் கருவி காட்டிவிடும், மூச்சை மனிதர் எண்ண வேண்டும். நேரமில்லாதபோது எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேயும் அப்படி எழுதியிருந்தால், வலி குறைந்து நன்றாகத் தூங்கும் நோயாளி என்றே அந்த ஷிஃப்ட் முடிந்திருக்கும்.

மருந்தின் மயக்கமாக இருந்தால் மூச்சு குறைய வேண்டும், இது ஏறுகிறது. தொட்டுக் கூப்பிட்டதும் தெளிவாகப் பதில் சொன்னார். ஆக்சிஜன் 91. இடது நெஞ்சின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்புக்கு மூச்சொலி மங்கலாகவே கேட்டது. வயிறு பறை போல விறைத்திருந்தது. கடைசி இரண்டு மணி நேரச் சிறுநீர் 22, 18 மில்லி.

சிறுநீர் குறைந்தால் ட்ரிப்பை வேகமாக்கு என்பதுதான் கை பழகிய பாடம். ஆனால் மாலையில் ஹீமாடோக்ரிட் 40. இரத்தம் இளகிக்கொண்டே வந்திருக்கிறது, ஆகவே குழாய்க்குள் நீர் போதவில்லை என்று சொல்வதற்கில்லை. இதுவரை உள்ளே போனது ஏறக்குறைய 2 லிட்டர், சிறுநீராக வந்தது அரை லிட்டர்கூட இல்லை. மிச்சம் வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய அளவீடு உண்டு. அதற்குச் சிறுநீர்ப்பையே கருவி.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கத்தீட்டர் வழியாக 25 மில்லி சலைனைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, அக்குளின் நடுக்கோட்டைப் பூஜ்யமாக வைத்து, மூச்சை வெளியே விட்டு முடித்த கணத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். வயிற்றின் அழுத்தம் மெல்லிய சிறுநீர்ப்பைச் சுவர் வழியாக அப்படியே அங்கே தெரியும். அதிகமாகச் சலைன் விட்டால் பையே விறைத்துப் பொய்யான உயரத்தைக் காட்டும். வலியில் வயிற்றை இறுக்கினாலும் அப்படித்தான், ஆகவே வலி அடங்கியிருக்கும்போது அளப்பது நல்லது. இவருக்கு 22 செ.மீ. வந்தது. பாதரச அளவுக்கு மாற்ற 1.36ஆல் வகுத்தால் சுமார் 16 மி.மீ. 12ஐத் தொட்டாலே மிகை அழுத்தம். 20ஐத் தாண்டி நிலைத்து, கூடவே ஏதாவது உறுப்பு புதிதாகச் செயலிழந்தால் அவசர நிலை. விறைத்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைக் குறுக்குகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் நெரிக்கிறது. சிறுநீர் குறைந்தது தாகத்தால் அல்ல, நெருக்கடியால்.

எக்ஸ்ரேயில் இடது நுரையீரலைச் சுற்றி நீர் தெரிந்தது. மருத்துவர் வந்து பார்த்து ட்ரிப்பை மணிக்கு 50 மில்லியாகக் குறைத்தார், ஆக்சிஜன் வைத்தார், வயிற்றில் தேங்கிய காற்றையும் திரவத்தையும் இறக்க மூக்கு வழியாக ட்யூப் போட்டார். கட்டிலின் தலைப்பகுதியை 30 டிகிரி மட்டும் உயர்த்தச் சொன்னார். இடுப்பு மடியக் குனிந்து உட்கார்ந்தால் வலிக்கு இதம்தான், ஆனால் வயிற்றழுத்தம் ஏறும். வலி மருந்தை யாரும் நிறுத்தவில்லை. வலியில் மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி இன்னும் சுருங்கும். மறுநாள் காலை அழுத்தம் 11, மூச்சு 22, சிறுநீர் மணிக்கு 40 மில்லி.

இனி சாப்பாடு. கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், லைபேஸ் இறங்கும்வரை வாயில் எதுவும் கூடாது என்று நாட்கணக்கில் பட்டினி போட்ட காலம் உண்டு. உணவு குடலுக்கு வந்தால் கணையம் சுரக்கும், சுரந்தால் மேலும் அரிக்கும் என்பது அந்தத் தர்க்கம். அழற்சி பிடித்த கணையம் முன்போல் சுரப்பதே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இன்னொரு பக்கம், உணவு வராத குடலின் உட்சுவர் மெலிந்து, உள்ளிருக்கும் பாக்டீரியா வெளியேறி, செத்துப்போன கணையத் திசுவில் குடியேற வழி உண்டாகிறது. அதனால் இப்போது வாந்தி அடங்கிப் பசி வந்தால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கொழுப்பு குறைந்த மென்மையான உணவைத் தொடங்கலாம் என்கிறார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் கஞ்சி என்று படிப்படியாக ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம் நோயாளிக்கு முதல் நாள் குமட்டலும் பிறகு வயிற்றழுத்தமும் இருந்ததால் 36 மணி நேரம் தள்ளிப்போனது. அதுவரை உதடும் நாக்கும் காயாமல் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். ட்யூபை எடுத்த பிறகு சிறிய அளவில் உணவு கொடுத்தார்கள். சாப்பிட்ட பின் வலி எண் ஏறுகிறதா, வயிறு உப்புகிறதா என்று பார்த்தார்கள். லேசான வலி திரும்பினால் மறுபடி பட்டினி போட வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். ஐந்து நாளாகியும் வாயால் முடியாதவர்களுக்குக்கூட மூக்கு ட்யூப் வழியாகக் குடலுக்குத்தான் உணவு, சிரை வழி ஊட்டம் கடைசியில்தான்.

மூன்றாம் நாள் பி.பி. பட்டையை இறுக்கியபோது இவருடைய விரல்கள் தாமாகக் குவிந்து மணிக்கட்டு மடங்கியது. உதட்டைச் சுற்றி மதமதப்பு என்றும் சொன்னார். லைபேஸ் கொழுப்பை உடைக்கும்போது வரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துச் சோப்பு போல உறைந்துவிடும், இரத்தத்தில் கால்சியம் இறங்கும். பட்டையைத் தளர்த்திவிட்டு, கால்சியமும் மெக்னீசியமும் பார்க்க இரத்தம் அனுப்பினார்கள். கால்சியம் குறைவுதான். இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி மெதுவாக ஊசி ஏற்றியதும் விரல் விரிந்தது.

எட்டாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அவருக்குக் காய்ச்சலைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொன்னார்கள். முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியால் வருவது, அதற்காக ஆன்டிபயாடிக் முன்கூட்டியே கொடுப்பதில்லை. தேறிவந்தவருக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துப் புதிதாகக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் அது செத்த திசுவில் கிருமி புகுந்ததாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்காமல் வரச் சொன்னார்கள். கல் நிறைந்த பித்தப்பையை எடுக்க, தேங்கிய நீர் வற்றியதும் தேதி குறிப்பதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.