பழைய பிரதி எங்கே போனது?

தர ஆடிட்டுக்குப் போனால் செயல்முறைத் தாள்களும் அவற்றின் பிரதிகளும் பதிவாகியிருக்கும் மாஸ்டர் லிஸ்ட்டை நான் முதலில் கேட்பதில்லை. நேராக வேலை நடக்கும் இடத்துக்குப் போய், அங்கே ஒட்டியிருக்கும் செயல்முறைத் தாளின் எண்ணையும் ரிவிஷனையும் குறித்துக்கொண்டு வந்த பிறகே லிஸ்ட்டைப் புரட்டுவேன். லிஸ்ட்டிலிருந்து தொடங்கினால் அதில் பதிவான பிரதிகள் மட்டுமே கண்ணில் படும். தொல்லை தருவதோ பதிவாகாத பிரதிதான்.

ஒரு பம்ப் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மூடியின் போல்ட்டுகளை 24 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும் என்றது ரிவிஷன் 2. கேஸ்கெட்டின் பொருள் மாறியதால், 28 என்று திருத்தி ரிவிஷன் 3 வெளியிட்டார்கள். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூன்று கையொப்பங்களும் இருந்தன. அசெம்பிளி மேசை, ஆய்வு மேசை, ஸ்டோர்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் புதிய தாளைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு கையெழுத்தும் பெற்றார்கள். ஆனாலும் இரவு ஷிப்டில் பூட்டிய பம்புகள் சில, அழுத்தச் சோதனையில் கசிந்தன.

ஆய்வுப் படிவத்தில் ‘பின்பற்றிய ரிவிஷன்’ என்று ஒரு கட்டம் இருந்ததால் காரணம் உடனே பிடிபட்டது. இரவு ஷிப்டு படிவங்களில் எல்லாம் 2 என்றே எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் முன்பு எப்போதோ எடுத்த நகல், லேமினேட் செய்யப்பட்டு டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த கட்டுப்பாட்டு முத்திரை கறுப்பாக இருந்தது. அசல் பிரதிகளில் சிவப்பு மையில்தான் முத்திரை இடுவார்கள். சாதாரண ஜெராக்ஸில் அது கறுப்பாகிவிடும். முத்திரைக்கு வண்ண மை வைப்பது இதற்காகத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு ஷிப்டுக்கென்று ஒரு பிரதி யாரும் தரவில்லை, அவரே ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு தாள் எங்கெங்கே தேவைப்படுகிறது என்று வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத்தான் விநியோகப் பட்டியலைப் போட வேண்டும்.

கையொப்பத்தில் நான் பார்ப்பது தேதியை. ஒப்புதல் தேதி வேறு, நடைமுறைக்கு வரும் தேதி வேறு. மேற்சொன்ன பம்பில் பழைய கேஸ்கெட் கையிருப்பு தீரும்வரை 24 தான் சரி. அதை 28-க்கு இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிவிடும். எனவே எந்த லாட்டிலிருந்து ரிவிஷன் 3 பொருந்தும் என்பதைத் தாளிலேயே எழுத வேண்டும். எது மாறியது, ஏன் மாறியது என்ற இரண்டு வரி இல்லாத தாளில் ஒப்புதல் கையொப்பம் இடக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

திரும்ப வந்த பழைய பிரதிகளில் ஒன்றை மட்டும் ‘காலாவதி’ என்று முத்திரையிட்டுத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். அந்தக் காலத்தில் விற்ற பம்பு புகாரோடு திரும்பி வந்தால், எந்த முறுக்குவிசைக்கு இறுக்கினோம் என்று பார்க்க அது வேண்டும். மற்றவற்றைக் கிழித்துப்போடலாம்.

தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பு, தரக் கையேடு என்ற பெயரில் ஒரு புத்தகம் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டது. ஆவணங்களின் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் டூல் பாக்ஸ் மூடியோடு, ஷிப்டின் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் தாளின் புகைப்படங்களையும் கேட்டுப் பார்க்கிறேன்.