பெல்ட் ஓடினால் போதாது, பார்சல் பின் காலியாக இருக்க வேண்டும்

11.11, 12.12 விற்பனை முடிந்த சில நாள் பார்சல் பிரிக்கும் எங்கள் இரவு ஷிப்ட்டில் வந்து நின்றால் தெரியும், பெல்ட் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. பார்சல் போடும் தொட்டியான பின் நிறைந்து, அதை இழுத்துப்போட்டுக் காலியானதை வைக்க ஆளில்லாதபோதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. கையில் பார்சலோடு நிற்பவர் பக்கத்துப் பின்னில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அது தவறான வேனில் ஏறி, சாயங்காலம் திரும்பி வந்து, மறுநாள் வேலையையும் கூட்டும்.

சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், முதல் இரண்டு வட்டாரத்தைக் காட்டும். 52 என்றால் தெம்பனிஸ், 73 என்றால் உட்லண்ட்ஸ். விடியற்காலை 3 மணிக்கு மேல் கண் ஏமாற்றும்: 56 அங் மோ கியோ, 65 புக்கிட் பாத்தோக், இரண்டும் மாறிப்போவது சகஜம். அதனால் இந்த இரண்டு பின்களையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சரி, இரவு 2 மணிக்குப் பிரிக்காத 3,000 பார்சலோடு ஒரு லாரி வந்து நிற்கிறது, ஆள் 8 பேர், பின் 28, காலை 6.30க்கு வேன்கள் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேராக 28 பின்னுக்கும் நடந்து போட்டால் ஒருவர் மணிக்கு 90 பார்சல் முடிப்பதே பெரிய விஷயம், மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல், அதாவது வேனில் ஏற்றவே நேரமில்லை. அதற்குப் பதில் முதலில் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களைச் சேர்த்து, சக்கரம் வைத்த கூண்டு இருக்கிறதே, அந்தக் கேஜ் ஐந்தில் மட்டும் தள்ளுங்கள். முதல் இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், பொங்கோல் 82ஆக இருந்தாலும் செங்காங் 54ஓடுதான் போக வேண்டும். கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தால் மணிக்கு 250 வரும், ஒன்றரை மணி நேரத்தில் தீரும். அப்புறம் ஒவ்வொரு கேஜையும் அதன் ஐந்தாறு பின்களுக்கு நடுவே உருட்டிப் பிரித்தால் இன்னொரு ஒன்றரை மணி, 5 மணிக்கு முடிந்துவிடும். பார்சலை இரண்டு முறை தொடுவது வீண் வேலை என்று சூப்பர்வைசர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் இங்கே நேரத்தைத் தின்பது நடைதான். நூறு இருநூறு பார்சல் என்றால் இது தேவையில்லை, நேராகவே போடலாம்.

எட்டில் ஒருவரைப் பின் மாற்ற மட்டும் நிறுத்துங்கள், அவர் ஸ்கேன் செய்யவே கூடாது. கணக்கு ஏழு பேருக்கு இறங்கி அரை மணி கூடும், பரவாயில்லை, பின் முக்கால் அளவு வந்ததும் அவர் மாற்றிவிட்டால் தப்புப் பார்சல் குறைந்துவிடும். தரையில் பார்சல் விழ ஆரம்பித்தால் அவர் பின்தங்கிவிட்டார் என்று அர்த்தம், இன்னொருவரை அனுப்புங்கள்.

இப்படிச் சமாளிக்க ஆட்களை இடைவேளை இல்லாமல் ஓட்டாதீர்கள். சட்டத்தில் ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரம்தான், தம்பிகள் கேட்கத் தயங்குவார்கள். 5.30க்கு மிஞ்சியதை எந்தக் கேஜ் என்று எழுதி, கேஜோடு அடுத்த ஷிப்ட்டிடம் கொடுங்கள், பெல்ட்டில் திரும்பக் கொட்டாதீர்கள்.