சொம்பைப் பிடித்த கையில் ஐந்தாவது விரல்

பெங்களூர் அல்சூரில் திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதபூஜைப் படத்தில், மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதற்காகப் பித்தளைச் சொம்பை ஏந்தி நின்ற பெண்ணின் தாயாருக்கு முன்னால் யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபோட்டோஷாப்பில் லாசோவால் பாட்டிலைச் சுற்றி வளைத்து, எதையும் எழுதாமல், வளைத்த இடத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் Generative Fill பொத்தானை அழுத்தினேன். பாட்டில் மறைந்தது, சேலைக் கரை அழகாகத் தொடர்ந்தது, படமும் அச்சுக்குப் போய்விட்டது. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் தாய்மாமன்தான் கண்டுபிடித்தார்: "தம்பி, எங்க அக்காவுக்கு எப்போ இன்னொரு விரல் முளைச்சுது?"

அந்தக் கை சொம்பைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் மேலே, சுண்டுவிரல் கீழே என நான்கு விரல்கள் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். கட்டை விரல் சொம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். அசல் படத்தில் பாட்டில் சுண்டுவிரலையும் மோதிர விரலின் கீழ்ப்பாதியையும் மறைத்திருந்தது. நிரப்பிய படத்திலோ மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியில் ஒட்டிக்கொண்டு நுனியில் இரண்டு நகங்களோடு இருந்தன. அவற்றுக்கும் கீழே, எந்த முட்டியிலிருந்தும் கிளம்பாத ஒரு விரல் கூடுதலாகக் கிடந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்குப் போட வேண்டும். அந்தப் படம் 6000 × 4000 பிக்சல். அதில் ஒரு விரலின் தடிமன் ஏறத்தாழ 60 பிக்சல், இரண்டு விரல்களுக்கு இடையிலான நிழல் கோடு 6 பிக்சல். நான் சோம்பேறித்தனமாக வளைத்த பகுதியோ பாட்டில், அதன் நிழல், கை, சேலைக் கரை எல்லாம் சேர்த்து 2400 பிக்சல் அகலம். 2023-இல் அறிமுகமான காலத்தில் இந்த வசதி, வளைத்த பகுதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 1024 பிக்சல் சதுர அளவில்தான் உருவாக்கி, பிறகு அதை இழுத்துப் பெரிதாக்கிப் பொருத்தியது. 2400-ஐ 1024-க்குள் அடக்கினால் விரல் 26 பிக்சலாகவும், நிழல் கோடு இரண்டரைப் பிக்சலாகவும் சுருங்கிவிடுகின்றன.

சுருக்கம் அதோடு நிற்பதில்லை. உள்ளமைப்பு வெளிப்படையாகத் தெரிந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியின் எஸ்டிஎக்ஸ்எல் வரையிலான பதிப்புகளை எடுத்துக்கொண்டால், அவை படத்தின் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. முதலில் ஒரு குறியாக்கி, 8 × 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு கட்டமாக்குகிறது. அந்தச் சதுரத்தில் இருந்த 192 வண்ண எண்களுக்குப் பதிலாக அந்தக் கட்டத்தில் 4 எண்களே இருக்கும். அடிப்படைப் படம் அந்தக் கட்டங்களில்தான் உருவாகிறது. கடைசியில்தான் பிக்சல்களாக விரிகிறது. நம் கணக்கில் விரலுக்குக் கிடைப்பது மூன்று கட்டம், நிழல் கோட்டுக்குக் கிடைப்பது ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு விரல்களைப் பிரிக்கும் அந்தக் கோட்டுக்குத் தனியாக ஓர் இடமே இல்லாதபோது, அவை ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

கூடுதல் விரலுக்குக் காரணம் வேறு. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய இத்தகைய மாதிரி, ஒரு விரலுக்கு அடுத்து என்ன வரும் என்று கேட்டால் பெரும்பாலும் இன்னொரு விரல் என்றே கற்றிருக்கிறது. அந்த வரிசை எங்கே முடிகிறது என்பதை எண்ணிப் பார்க்கும் உறுப்பு எதுவும் அதனிடம் இல்லை. என் லாசோக் கோடு வேறு மோதிர விரலின் நடுவே வெட்டிக்கொண்டு போயிருந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற அரை விரலைத் தொடர வேண்டிய கட்டாயம் ஒரு பக்கம், உள்ளே இருக்கும் வெற்றிடத்தை விரல்களால் நிரப்பும் பழக்கம் மறு பக்கம் என இரண்டும் சேர்ந்ததில் ஒன்று அதிகமாகிவிட்டது. ஆகவே வளைக்கும் கோடு விரலின் குறுக்கே போகக் கூடாது. விரல்களுக்கு இடையிலோ, மணிக்கட்டின் மடிப்பிலோ, வளையலின் விளிம்பிலோ போக வேண்டும்.

'ஐந்து விரல்கள்' என்று எழுதிக் கேட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிய சொல்லுக்கும் படத்தில் வரும் எண்ணிக்கைக்கும் உள்ள பிடிப்பு தளர்வானது. அதிலும் சிறிய பகுதியை வளைத்துக்கொண்டு 'விரல்கள்' என்று எழுதினால், அந்தப் பகுதிக்குள்ளேயே ஒரு முழுக் கையை வரைந்து தரும் வாய்ப்பு அதிகம். என் படத்தில் அந்தக் கோரிக்கையே தவறு, ஏனென்றால் தெரிய வேண்டியவை நான்குதான். எத்தனை விரல் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் வேலையை மனிதர் எடுத்துக்கொண்டு, தோலின் நயத்தை மட்டும் மாதிரியிடம் விட்டுவிடுவதே என் அனுபவத்தில் பலன் தருகிறது.

முதல் வேலை உருவாக்குவதே இல்லை, மீட்பதுதான். ஃபோட்டோஷாப் நிரப்பியதைத் தனி லேயராக, அதில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு மாஸ்க்குடன் வைக்கிறது. அசல் படம் அதன் அடியில் சேதமில்லாமல் இருக்கும். அந்த மாஸ்க்கில் கருப்பு பிரஷால் தடவினால் அடியில் உள்ள உண்மையான விரல் மேலே வந்துவிடும். இந்த எளிய வழியைக் கூட நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்: கோப்பின் எடையைக் குறைக்க எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிச் சேமித்திருந்தேன். அதனால் கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பைத் திறந்து, அதே வண்ணத் திருத்தத்தைச் செய்து, மேல் லேயராக வைத்து, கை இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் வழியாகக் காட்ட வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுமையாக, மோதிர விரல் பாதியளவு திரும்பின. உருவாக்கியே தீர வேண்டிய இடம் 260 × 200 பிக்சலாகச் சுருங்கியது.

அடுத்தது கூடுதல் விரலை நீக்குவது. அதை வளைத்து மீண்டும் நிரப்பச் சொன்னால், மேலே மூன்று விரல்களைப் பார்க்கும் மாதிரி மறுபடியும் விரலையே போடும். எனவே சேலை மடிப்பையும் சொம்பின் வளைவையும் குளோன் ஸ்டாம்பால் எடுத்து அந்த விரலின் மேல் கையால் ஒட்டினேன். விரலுக்கான தடயம் மறைந்த பிறகுதான் அந்த இடம் விரல் வரிசைக்கு வெளியே ஆயிற்று.

பிறகு சுண்டுவிரல். இதற்கு ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாதிரியைப் பயன்படுத்தினேன், ஏனென்றால் அதில் அளவுகள் நம் கையில் இருக்கின்றன. அதை இயக்கும் இடைமுகத்தில் உள்ள `Only masked` என்ற தேர்வு, மாஸ்க் இட்ட பகுதியையும் அதைச் சுற்றிச் சிறிது இடத்தையும் வெட்டியெடுத்து, 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கி, அங்கே வரைந்து, மீண்டும் சுருக்கி உரிய இடத்தில் ஒட்டுகிறது. சுற்றிலும் எவ்வளவு சேர்ப்பது என்பதை `Only masked padding, pixels` தீர்மானிக்கிறது. அதில் இயல்பாக இருக்கும் எண் 32. அப்படியே விட்டால் வெட்டப்படும் சதுரம் 324 பிக்சல், அதில் விரல் 190 பிக்சல் தடிமனாக வரும். நுணுக்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் சதுரத்துக்குள் கை என்று சொல்லத் தக்கதாக எதுவும் தெரியாததால், என் முதல் முயற்சியில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டை விரல் வந்து உட்கார்ந்தது. 160 என்று மாற்றியதும் சதுரம் 580 பிக்சலானது. கையின் பெரும்பகுதி உள்ளே வந்தது. விரல் 106 பிக்சல், அதாவது பதின்மூன்று கட்டம். நிழல் கோட்டுக்கும் ஒரு கட்டத்துக்குச் சற்று அதிகமான இடம் கிடைத்தது. எண்ணைக் கூட்டினால் சூழல் தெரியும், நுணுக்கம் குறையும்; குறைத்தால் நேர்மாறு. நிழல் கோட்டுக்கு ஒரு கட்டமாவது கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நான் வைத்திருக்கும் அளவுகோல்.

ஆனால் வெற்றிடத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. மேலே உள்ள விரல்களிலிருந்து மூன்று நிறங்களை எடுத்து, சுண்டுவிரலையும் மோதிர விரலின் மீதியையும் பிரஷால் குழந்தை வரைவதைப் போல முதலில் வரைந்தேன்: வெளிச்சப் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, இரண்டு விரல்களுக்கும் நடுவே அடர்பழுப்புக் கோடு ஒன்று. மற்றவற்றைவிடச் சுண்டுவிரல் குட்டை என்பதையும், அதன் நுனி உள்வாங்கி இருக்கும் என்பதையும் அந்தக் கிறுக்கலிலேயே காட்டிவிட வேண்டும்.

இந்தக் கிறுக்கல் என்ன ஆகும் என்பதை `Denoising strength` என்ற எண் முடிவு செய்கிறது. மாதிரியானது, ஏற்கனவே இருக்கும் படத்தின் மேல் இரைச்சல் எனப்படும் புள்ளிச் சிதறலைத் தூவி, பிறகு அதைப் படிப்படியாக நீக்குவதன் மூலம் வரைகிறது. முதல் படிகளில் பெரிய வடிவங்கள் முடிவாகின்றன, கடைசிப் படிகளில் தோலின் ரேகையும் நகத்தின் பளபளப்பும் வருகின்றன. எண் 1 என்றால் கிறுக்கல் முழுவதும் இரைச்சலில் மூழ்கி, விரல்களின் எண்ணிக்கை மறுபடியும் மாதிரியின் விருப்பத்துக்குப் போய்விடும். 0.75-இல் எனக்கு விரல்கள் மீண்டும் ஒட்டின, 0.3-இல் என் பிரஷ் தடவல் களிமண்ணைப் போல அப்படியே நின்றது; 0.5-இல் நான் வரைந்த நான்காவது விரல் நான்காவதாகவே நின்று, மேலே உண்மையான தோல் படர்ந்தது.

கையால் வரைய வராதவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் கருவிகளும் உண்டு. 2023-இல் வெளிவந்த ஹேண்ட்ரிஃபைனர் என்ற முறை, கெட்டுப்போன கையின் மேல் சரியான விரல்கள் கொண்ட முப்பரிமாணக் கை வடிவம் ஒன்றைப் பொருத்தி, எது அருகில், எது தொலைவில் என்று காட்டும் அதன் ஆழப் படத்தைக் கன்ட்ரோல்நெட் என்ற துணை மாதிரி வழியாக வழிகாட்டியாகத் தருகிறது. விரித்த கைக்கு நன்றாக வேலை செய்யும். விரல்கள் ஒரு பொருளைச் சுற்றி மடிந்தாலோ, கோத்துக்கொண்டாலோ அந்த வடிவம் தவறாகப் பொருந்திவிடுகிறது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது: இந்த வடிவத்துக்கு ஐந்து விரல்தான் தெரியும். பிறவியிலேயே ஆறாவது விரல் உள்ள உறவினர் எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம். அவரது கையை 'திருத்தி' அனுப்பினால் அந்த வீட்டார் நம்மை மன்னிக்க மாட்டார்கள். அசல் படத்தைப் பார்க்காமல் எந்தக் கையையும் நான் இப்போது தொடுவதில்லை.

மருதாணி போட்ட கையில் இந்த முறை முழுதாகப் பலிக்காது. கொடி போன்ற ஒன்றை மாதிரி வரையும், ஆனால் பக்கத்து விரலின் கொடியோடு அது சேராது. அங்கே அதே படப்பிடிப்பின் வேறொரு படத்திலிருந்து விரலை எடுத்து ஒட்டுவதே மேல்.

சரிபார்க்க மூன்று முறை எண்ணுகிறேன்: நகங்களை ஒருமுறை, முட்டிகளை ஒருமுறை, விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை ஒருமுறை. நகமும் முட்டியும் ஒரே எண்ணாக இருந்து, இடைவெளி அதில் ஒன்று குறைவாக இருந்தால் கை சரி. ஒட்டிய விரலில் நகம் இரண்டு, முட்டி ஒன்று என்று வரும். முளைத்த விரலில் நகம் இருக்கும், முட்டி இருக்காது. பிறகு, உருவாக்கிய தோல் அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கும் என்பதால், கேமரா படத்தில் இயல்பாக இருக்கும் புள்ளித்தன்மைக்கு ஏற்றபடி அந்த இடத்தில் சிறிது இரைச்சலைச் சேர்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் இந்த விரல் தாளில் 5 மில்லிமீட்டர் தடிமனாக வரும். அந்த அளவில் ஒரு துண்டை அச்சிட்டுப் பார்த்த பிறகே பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன்.

தாய்மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நான்கு வந்தது. நிமிர்ந்து பார்த்து, "அப்போ கட்டை விரலு?" என்றார். அவர் முன்னால் இருந்த காபி டம்ளரைக் காட்டி, "அதைப் பிடிச்சுப் பாருங்க சார்" என்றேன்.