எட்டாயிரத்து நூறு ரூபாய் வித்தியாசம்

மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் கடையின் கணக்கு மென்பொருளான இ.ஆர்.பி.யில் ஏறிய கொள்முதல் பில்கள் 62. அவற்றில் உள்ள ஜி.எஸ்.டி. 2,14,560 ரூபாய். செப்டம்பர் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வந்த 2பி அறிக்கையிலோ 60 பில், 2,06,460 ரூபாய். வித்தியாசம் 8,100. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பில்லுதானே கொறயுது, அத கண்டுபிடிச்சா போதும்லா?" என்றார்.

போதாது. கடைசியில் ஏழு இடத்தில் தகராறு இருந்தது தெரிந்தது. சில கூட்டும், சில குறைக்கும், சில மொத்தத்தைத் தொடவே தொடாது. எல்லாம் ஒன்றையொன்று தின்று மிஞ்சியதுதான் அந்த 8,100.

2பி என்பது நாம் எழுதுவதல்ல. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் விற்பனையை ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற படிவத்தில் ஏற்றுகிறார்கள்; மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. அதில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு எழுதியதையெல்லாம் தளம் திரட்டி, 14-ஆம் தேதி நம் பெயரில் ஒரு பட்டியலாகத் தருகிறது. கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதைத்தான் இன்புட் என்போம். முன்பெல்லாம் பட்டியலில் இல்லாத பில்லுக்கும் கொஞ்சம் இன்புட் எடுக்க விட்டார்கள்: முதலில் 20 சதவீதம், அப்புறம் 10, அப்புறம் 5. 2022 ஜனவரி 1 முதல் அதுவும் கிடையாது. 2பி-யில் இல்லையென்றால் இன்புட் இல்லை. 20-ஆம் தேதி மாத வரிக் கணக்கான 3பி தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பது ஆறே நாள்.

ஒரே பில்லை இரண்டு பேர் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு சாவி செய்கிறோம். இரு பக்கமும் ஒரே சாவி இருந்து, தொகையும் ஒத்துப்போனால் ஜோடி. இந்தக் கடையில் அப்படி முதல் சுற்றில் சேர்ந்தவை 41 மட்டுமே.

மீதியைக் கெடுப்பது பெரும்பாலும் பில் எண்தான். காகிதத்தில் `HW/25-26/0417` என்று இருக்கும். நம் பில் போடும் பையன் `HW-417` என்று அடித்திருப்பான்; விற்றவரின் மென்பொருள் `HW/25-26/417` என்று அனுப்பியிருக்கும். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்றும் வேறு. அதனால் இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, சாய்கோடு, சிறுகோடு, இடைவெளியை எடுத்துவிட்டு, நிதியாண்டையும் முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் கழற்றினோம். மூன்றுமே `HW417` ஆகிவிடும். இப்படி இன்னும் 15 சேர்ந்தன.

உற்சாகத்தில் எழுத்துகளையும் கழற்றிவிட்டு வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் வம்பு. ஒரே சப்ளையர் பெயிண்டுக்கு `A/112`, குழாய்க்கு `B/112` என்று இரண்டு வரிசை வைத்திருப்பார். இரண்டும் `112` ஆகி, ஒன்றின் ஜோடி இன்னொன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கழற்றுகிறோமோ அவ்வளவு இறுக்கமாகத் தொகையையும் தேதியையும் சரிபார்க்க வேண்டும். தொகையில் பில்லுக்கு ஒன்றிரண்டு ரூபாய் விட்டுக்கொடுக்கலாம், பைசாவை முழுமையாக்குவதில் வருவது அது. மாத மொத்தத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எக்செல்லும் தன் பங்குக்குக் குழப்பும். பில் எண் `10-25` என்றால் அதை அக்டோபர் என்று எடுத்துக்கொள்ளும். பில் எண்ணுக்கு 16 எழுத்து வரை சட்டம் அனுமதிக்கிறது. எக்செல்லோ எண்களில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். பதினாறும் இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று சொல்லிவிட வேண்டும்.

இப்போது நம் பக்கம் 6, 2பி பக்கம் 4. இனி கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

ஒன்றில் பில் எண்ணுக்குப் பதிலாக டெலிவரி சலான் எண்ணை அடித்திருந்தார்கள். தேதியும் தொகையும் காட்டிக் கொடுத்தன. இன்னொன்றில் நம் கணக்கில் சரக்கு மதிப்பு 45,500, 2பி-யில் 54,500. வித்தியாசம் 9,000, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும், பழைய கணக்குப்பிள்ளைகளின் சூத்திரம் இது. காகிதத்தை எடுத்துப் பார்த்தால் 54,500. தப்பு நம்முடையது. 1,620 ரூபாய் இன்புட் குறைவாக எழுதியிருக்கிறோம்.

மூன்றாவது, எங்கள் மாவட்டத்துக்கே உரியது. ஒரு பைப் கம்பெனிக்கு நாகர்கோவிலிலும் கிளை, திருவனந்தபுரத்திலும் கிளை. சரக்கு வந்தது கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டி. பில் போட்டது கேரளக் கிளை. நம் இ.ஆர்.பி.யில் அந்தக் கம்பெனி நாகர்கோவில் முகவரியோடு மட்டுமே பதிவாகியிருந்ததால் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32. அடுத்த பத்தும் பான் எண், அது இரு கிளைக்கும் ஒன்றே. அதனால் சாவியில் முழு எண்ணுக்குப் பதில் பான் எண்ணை மட்டும் வைத்து ஒரு சுற்று ஓட்டினால் இது மாட்டிக்கொள்ளும். மொத்த வரி 6,480, இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் நம் கணக்கில் மத்திய, மாநில வரியாக 3,240 வீதம் பிரிந்து கிடந்தது; உண்மையில் முழுவதும் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது. (திருவனந்தபுரத்தில் கடைவேலையாக லாட்ஜில் தங்கினால் வரும் பில் வேறு கதை. அது கேரள மாநில வரி, தமிழ்நாட்டுக் கடைக்கு அந்த இன்புட் கிடைக்காது.)

2பி-யில் மட்டும் இருந்த ஒரு பில், 3,060 ரூபாய் வரி, கோயம்புத்தூரிலிருந்து ஆகஸ்ட் 31 தேதியிட்டது. லாரி வந்து சேர்ந்தது செப்டம்பர் 2. சரக்கு கைக்கு வராமல் இன்புட் எடுக்கக் கூடாது. தளத்தில் அதை நிலுவை என்று குறித்து அடுத்த மாதத்துக்குத் தள்ளினோம்.

நம் பக்கம் மட்டும் நின்றவை மூன்று. அதில் இரண்டு, வரி 9,900, நாகர்கோவில் கோட்டாறில் ஒரு சின்ன சப்ளையருடையது. போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ஆகஸ்ட் பில்லு ரெண்டும் 2பி-யில ஏறலியே?"

"நாங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுறவங்கல்லா. அக்டோபர்ல வந்துரும், கவலப்படாதியும்."

ஐந்து கோடி வரை விற்றுவரவு உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். இடைப்பட்ட மாதங்களில் 13-ஆம் தேதிக்குள் பில்களை மட்டும் ஏற்றிவிட வசதி உண்டு, கட்டாயம் இல்லை. அண்ணாச்சி அதைத் தொடுவதில்லை. இது தப்பே அல்ல, காத்திருக்க வேண்டியது மட்டும்.

மூன்றாவது பில், 2,880 ரூபாய், அப்படியல்ல. விற்றவர் அதை ஜி.எஸ்.டி. எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றதாகக் கணக்குக் காட்டிவிட்டார். வரியைக் கட்டியிருக்கிறார், நம் பெயரில் இல்லை. எத்தனை மாதம் காத்தாலும் தானாக வராது; அவர் பிந்தைய ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் திருத்த வேண்டும்.

ஆக, 2,14,560-இல் 9,900-ஐயும் 2,880-ஐயும் கழித்து, 1,620-ஐக் கூட்டினால் 2,03,400. அந்தப் பக்கம் 2,06,460-இல் வந்து சேராத சரக்கின் 3,060-ஐக் கழித்தாலும் அதே 2,03,400. ஆகஸ்டுக்கு எடுத்த இன்புட் அவ்வளவுதான்.

அக்டோபர் 14-ஆம் தேதி அண்ணாச்சியின் இரண்டு பில்லும் வந்தன. அந்த 2,880 மட்டும் இன்னும் பட்டியலில் மஞ்சள் பூசிய வரிசையாக நிற்கிறது. 2025-26 நிதியாண்டின் இன்புட்டுக்குக் கெடு 2026 நவம்பர் 30, ஆண்டு ரிட்டனை அதற்கு முன்பே போட்டால் அதுவரைதான். அந்தப் பில் போட்டவருக்குத் தர வேண்டிய அடுத்த பேமெண்ட்டில் வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.