புதன்கிழமை காலை யூரியா போடலாமா? ஒரு வானிலை அட்டவணையைப் பேச்சுத் தமிழாக்குவது

வேளாண் வானிலை அறிக்கை வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அடுத்த ஐந்து நாளுக்கு மழை எத்தனை மில்லிமீட்டர், வெப்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதன் கீழே பயிர்வாரியாக ஆலோசனை. மணலி புதுநகரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வரை நெல் வைத்திருக்கும் பலருக்கு இதை நேராகப் படிக்கும் வழக்கமில்லை. படித்துப் புரிந்துகொண்ட யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படிப் பேசி அனுப்புகிறவன். அந்தப் பேச்சில் எண் எங்கே வழுக்குகிறது என்பதை ஒரு மாதிரி அட்டவணையை வைத்தே பார்க்கலாம்.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை மதியம் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை வரிசையில் 13-ஆம் தேதிக்குக் கீழே 2, 14-க்கு 45, 15-க்கு 70, 16-க்கு 12, 17-க்கு 0. சம்பா நெல் தூர் கட்டும் பருவம். வீட்டில் யூரியா மூட்டை வாங்கி வைத்தாயிற்று. அட்டவணையைப் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: புதன் 13-ஆம் தேதி வெறும் தூறல், வியாழனில் இருந்துதான் மழை, அப்படியானால் புதன் காலையிலேயே உரத்தைப் போட்டுவிடலாம்.

போட்டால் உரம் போய்விடும். அட்டவணையின் தலைப்பில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு: இந்த முன்னறிவிப்பு அந்தந்தத் தேதியின் காலை 8:30 மணி வரைக்குமானது. நம் நாட்டில் மழையைத் தினமும் காலை 8:30-க்கு அளந்து கணக்கை முடிப்பார்கள். அந்த நேரத்தில் உலகப் பொது நேரம் காலை 3 மணி. ஆக, 14-ஆம் தேதிக்குக் கீழே இருக்கும் 45 என்பது, 13 புதன் காலை 8:30-இல் தொடங்கி 14 வியாழன் காலை 8:30-க்குள் பெய்யும் மழை. அதில் பெரும்பகுதி நேரம் புதன்கிழமைதான். அதேபோல 15-க்குக் கீழே உள்ள 70, வியாழன் பகலும் இரவும் பெய்து வெள்ளி காலையோடு முடிகிற மழை. 13-க்குக் கீழே இருந்த அந்த 2? அது செவ்வாய் ராத்திரி கழிந்து புதன் விடியும்போதே கணக்கில் முடிந்துவிட்டது.

யூரியா தண்ணீரில் முழுசாகக் கரையும். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் அமோனியமாக அது மாறச் சில நாள் வேண்டும். அதற்குள் வயலில் தண்ணீர் வழிந்து ஓடினால் உரமும் கூடவே ஓடிவிடும். இதே தவறு மறுமுனையிலும் நடக்கிறது. 16-க்குக் கீழே 12 என்று பார்த்து சனிக்கிழமையை மழை நாளாக விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த 12 சனி காலை 8:30-க்கு முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு மறுநாள் காலை வரை அட்டவணையில் 0 தான்.

அதனால் பேசும்போது நான் தேதித் தலைப்பை அப்படியே வாசிப்பதில்லை. தொடக்கத்தையும் முடிவையும் கிழமையோடு சொல்கிறேன்: “புதன் காலை எட்டரையில இருந்து வியாழன் காலை எட்டரைக்குள்ள நாலரை சென்டிமீட்டர்.” நீளம்தான், ஆனாலும் இதைச் சுருக்கக்கூடாது. ராத்திரி நேரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நாள்காட்டிக்கு நள்ளிரவில் தேதி மாறுகிறது. வயலுக்குப் போகிறவருக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். “வெள்ளி ராத்திரி ரெண்டு மணி” என்று சொன்னால் ஒருவர் வியாழன் தூங்கி எழுவதற்கு முன் என்று கொள்வார், இன்னொருவர் வெள்ளி தூங்கின பிறகு என்று கொள்வார். “வியாழன் ராத்திரி போய் வெள்ளி விடியறதுக்கு முன்னாடி, ரெண்டு மணி வாக்குல” என்றால் இருவருக்கும் ஒரே நேரம்.

அட்டவணை 24 மணி நேரத்தின் மொத்தத்தைத்தான் சொல்லும், எந்த மணிக்குக் கொட்டும் என்று சொல்லாது. அதைப் பேசுகிறவர் தன் ஊகத்தில் சொல்லிவிடவும் கூடாது. மணிக்கணக்கு வேண்டுமென்றால், சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடார் போன்றவற்றைப் பார்த்து வானிலை மையம் தரும் மூன்று மணி நேர எச்சரிக்கைக்குத்தான் போக வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். அட்டவணையில் மில்லிமீட்டர், தமிழ்ச் செய்தியில் சென்டிமீட்டர். 70 மில்லிமீட்டர் என்பது 7 சென்டிமீட்டர். இரண்டையும் கலந்து பேசினால் 7 என்று ஒருவரும் 70 என்று இன்னொருவரும் தெருவில் சொல்லிக்கொண்டு போவார்கள். நான் சென்டிமீட்டரில் மட்டும் பேசுகிறேன், ‘புள்ளி அஞ்சு’ என்பதை ‘அரை’ என்று சொல்கிறேன். “நாலு புள்ளி அஞ்சு” என்பதில் புள்ளி காதில் விழாவிட்டால் நாற்பத்தைந்தாகிவிடும். “நாலரை”யில் அந்த ஆபத்து இல்லை. எண்ணோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் சொல்வேன்: ஏழு சென்டிமீட்டர் என்றால், வடிய வழியில்லாத வயலில் ஏறக்குறைய நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். ஒரு ஏக்கரில் அது சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். வரப்பை எங்கே திறப்பது என்று முடிவு செய்ய விரற்கடைக் கணக்கே போதும்.

‘கனமழை’ என்பது பேச்சில் பெரிய மழை என்று போகிற போக்கில் சொல்வது. அறிக்கையில் அதற்கு எல்லை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் தொடங்கி 115.5 வரை. அதற்கு மேல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. நம் மாதிரியில் 45 என்பது மிதமான மழை, 70 மட்டுமே கனமழை. பயம் காட்டுவதற்காக 45-ஐயும் கனமழை என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை உண்மையான கனமழை வரும்போது அந்தச் சொல்லுக்கு வலு இருக்காது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இடத்தைச் சொல்லும் சொற்களும் அப்படித்தான். “ஓரிரு இடங்களில்” என்றால் மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை. “பெரும்பாலான இடங்களில்” என்றால் 75-க்கு மேல். “ஓரிரு இடங்களில் கனமழை” என்று கேட்டவுடன் “நம்மூருக்கு இல்லை” என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். “நாலு ஊர்ல ஒரு ஊருக்குக் கனமழை வரலாம், எந்த ஊர்னு சொல்ல முடியாது, நம்மூராவும் இருக்கலாம்” என்று பேசினால் இல்லாத நிச்சயமும் வராது, அலட்சியமும் வராது.

இனி ஆலோசனை. அறிக்கைத் தமிழில் அது இப்படி வரும்: “மழை எதிர்பார்க்கப்படுவதால் மேலுரமிடுதல் மற்றும் பூச்சிமருந்து தெளித்தலைத் தவிர்த்து, உபரி நீரை வடித்து, மழை நின்றபின் 3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கவும்.” இதில் செய்யக்கூடாதது இரண்டு, இப்போதே செய்ய வேண்டியது ஒன்று, பிறகு செய்ய வேண்டியது ஒன்று. எல்லாம் ஒரே வினையில் போய் முடிகிறது: “தெளிக்கவும்.” டிராக்டர் சத்தத்துக்கு நடுவே கேட்கிறவருக்குக் கடைசிச் சொல்தான் மனதில் நிற்கும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருவதும் ஒரு சிக்கல். “யூரியா போடக்கூடாது” என்பதில் போன் விட்டுவிட்டுக் கேட்டால் “யூரியா போட…” வரைதான் வந்து சேரும். அதனால் மறுப்பை முன்னே கொண்டுவந்து, பின்னாலும் ஒருமுறை சொல்லி, வேலைக்கு ஒரு வாக்கியமாக உடைக்கிறேன்.

சதவீதத்தையும் அப்படியே விடக்கூடாது. மூன்று சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ‘மூணு’ என்பது மட்டும் காதில் விழுந்தால் மூன்று மில்லி ஊற்றுவார்கள், பூச்சி அசையாது. தெளிப்பானின் டேங்க் 10 லிட்டரும் இருக்கும், 16 லிட்டரும் இருக்கும். அதனால் முதலில் லிட்டர் கணக்கு, அப்புறம் டேங்க் கணக்கு. ஹெக்டேருக்குச் சொன்ன அளவை ஏக்கருக்கு மாற்றும்போது இரண்டரையால் வகுத்த எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொன்னால் பெரிய எண்தான் நினைவில் நிற்கும்.

எல்லாம் சேர்ந்து நம் மாதிரிக்கான பேச்சு இப்படி வரும்:

“செவ்வாய், பன்னெண்டாம் தேதி மதியம் பேசறேன். வெள்ளிக்கிழமை அடுத்த செய்தி வர்ற வரைக்கும்தான் இது. யூரியா வேண்டாம், மருந்தும் வேண்டாம். இப்பவும் வேண்டாம், சனிக்கிழமை காலை எட்டரை வரைக்கும் போடாதீங்க. புதன் காலை எட்டரையில இருந்து வியாழன் காலை எட்டரைக்குள்ள நாலரை சென்டிமீட்டர் மழை இருக்கும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் வெள்ளி காலை எட்டரைக்குள்ள இன்னொரு ஏழு சென்டிமீட்டர், அது கனமழை. தண்ணி வடியற வழியை இன்னைக்குச் சாயந்திரமே வெட்டி வைங்க. வேப்பெண்ணெய் அடிக்கறது மழை விட்ட பிறகுதான். ஒரு லிட்டருக்கு முப்பது மில்லி, பத்து லிட்டர் டேங்குக்கு முந்நூறு மில்லி.”

“சனி வரைக்கும்” என்று மட்டும் நிறுத்தாமல் மணியும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை அதில் சேருமா சேராதா என்பது கேட்கிறவரைப் பொறுத்து மாறும்.

அனுப்பும் முன் ஒருவரிடம் பேசிப் பார்ப்பது என் வழக்கம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மீஞ்சூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கேட்பது வேறு மாதிரி. “அண்ணே, யூரியா எப்போ போடப் போறீங்க?”

“சனிக்கிழமை வெயில் வந்தா, தண்ணியை வடிச்சிட்டு சாயந்திரம் போடறேன்.”

“வியாழக்கிழமை மழை விட்டுருந்தா?”

“நீதான் சனி காலை வரைக்கும் வேண்டாம்னியே தம்பி. நடுவுல விட்டாலும் போட மாட்டேன்.”

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. முன்னறிவிப்பு கொஞ்சம் பிசகினாலும் எச்சரிக்கை மனதில் நிற்கிறதா என்பது அதில்தான் தெரியும். பதிலில் கிழமையோ மணியோ மாறி வந்தால் என் பேச்சில்தான் ஓட்டை இருக்கிறது. அந்த வாக்கியத்தை மாற்றிப் பேசிவிட்டு, அதுவரை விஷயமே கேட்காத இன்னொருவரிடம் சோதிப்பேன்.

ஒரு எல்லையையும் இதோடு சொல்ல வேண்டும். இந்த அட்டவணை நம் தலைமேல் விழும் மழைக்கு மட்டும். கொசஸ்தலை ஆற்றில் பூண்டியிலிருந்து தண்ணீர் திறந்தால், உள்ளூரில் 0 என்று போட்டிருந்தாலும் ஆற்றோர வயலில் தண்ணீர் ஏறும். அந்த அறிவிப்பு தனியாக வரும், கன அடிக் கணக்கில். இரண்டையும் ஒரே ஒலிச்செய்தியில் கலந்து பேசினால் எந்த எண் மழைக்கு, எந்த எண் ஆற்றுக்கு என்று குழம்பிவிடும். அதைத் தனிச் செய்தியாகவே அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை புதிய அறிக்கையில் எண் மாறியிருந்தால், “செவ்வாய் சொன்னதை விட்டுடுங்க” என்று தொடங்கித்தான் பேச வேண்டும். மாறாவிட்டாலும் “செவ்வாய் சொன்னதுதான் இப்பவும்” என்று சொல்லியாக வேண்டும். பழைய ஒலிச்செய்தி நாலைந்து குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டில் எது புதியது என்பதற்குக் கேட்கிறவர் கையில் இருக்கும் ஒரே அடையாளம் முதல் வரியில் வரும் கிழமையும் தேதியும்தான்.